பூனையின் மோவாயில் கரும்புள்ளிகள்: பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றினால் மட்டும் போதுமா?

சாம்பல்வால் | மார்ச் 2, இரவு 9:40

எங்கள் சுந்தரிக்கு 4 வயது. கருத்தடை ஆகிவிட்டது, வீட்டுக்குள்ளேயே இருப்பவள். உடம்பெல்லாம் சாம்பல், மோவாய் மட்டும் வெள்ளை. அந்த வெள்ளையில், கீழுதட்டை ஒட்டி, தேயிலைத் தூள் ஒட்டிக்கொண்டதுபோல் பொடிப்பொடியாகக் கறுப்பு. ஈரத் துணியால் துடைத்தால் போகவில்லை. விரல் நுனியால் தடவினால் சொரசொரப்பாக இருக்கிறது, மயிரைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிரின் அடியில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. சொறிவதில்லை, வலி இருப்பதாகவும் தெரியவில்லை, சாப்பாடு வழக்கம்போல்.

குட்டியாக வந்த நாளிலிருந்து ஒரே பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறாள். இது பூனைக்கு வரும் முகப்பரு, பிளாஸ்டிக்தான் காரணம், கிண்ணத்தை மாற்றினால் போய்விடும் என்று எங்கு பார்த்தாலும் ஒரே பதில். கிண்ணத்தை இன்றே மாற்றிவிடுகிறேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. என் கேள்வி வேறு. அது மட்டும் போதுமா, இருக்கிற புள்ளிகளை ஏதாவது போட்டுத் துடைக்க வேண்டுமா, துடைப்பதென்றால் எதைக் கொண்டு?

பீங்கான்கட்சி | மார்ச் 2, இரவு 10:15

கிண்ணம்தான். வேறு ஒன்றும் தேட வேண்டாம். எங்கள் பூனைக்கும் இதே இடத்தில் இதே மாதிரிதான் வந்தது, பீங்கானுக்கு மாற்றினோம், ஒரு மாதத்தில் மோவாய் சுத்தமாகிவிட்டது. பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அதற்குள் எண்ணெயும் கிருமியும் தங்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பூனை ஒவ்வொரு வேளையும் மோவாயை அதில் வைத்துத்தானே சாப்பிடுகிறது.

நேர்கோடு | மார்ச் 2, இரவு 11:05

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள், ஒரே பிளாஸ்டிக் தட்டு. ஒன்றுக்கு மோவாய் முழுக்கக் கரும்புள்ளி, இன்னொன்றுக்கு ஒன்றுமே இல்லை. எவர்சில்வருக்கு மாற்றிய பிறகும் முதல் பூனைக்கு வந்துகொண்டேதான் இருந்தது. அதனால் பிளாஸ்டிக் கதையை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இஞ்சிப்பூனை | மார்ச் 3, காலை 7:20

அப்பாடா, எனக்கு மட்டும்தான் இந்தக் கவலை என்று நினைத்தேன். எங்களுடையது மஞ்சள் பூனை, 6 வயது. உதட்டோரத்திலும் மூக்கிலும் கறுப்புப் புள்ளிகள், இப்போது ஈறிலும் ஒன்று வந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கூடுகிறது. எவர்சில்வர் கிண்ணம்தான் கொடுக்கிறேன், அப்படியும் வருகிறது. எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்?

மருந்துப்பெட்டி | மார்ச் 3, பகல் 1:30

கால்நடை மருத்துவமனையில் பல வருடமாக மருத்துவருக்கு உதவியாளராக இருக்கிறேன். மோவாயைக் காட்ட வருகிறவர்கள் ஓயாமல் வருவார்கள். ஒவ்வொருவருக்காகச் சொல்கிறேன்.

முதலில் இஞ்சிப்பூனை. நீங்கள் சொல்வது பரு இல்லை. மஞ்சள் நிறப் பூனைகளுக்கு வயது ஏற ஏற உதடு, மூக்கு, ஈறு, கண்ணிமை விளிம்பு எல்லாவற்றிலும் மச்சம் வரும். தட்டையாக இருக்கும், விரலுக்குத் தட்டுப்படாது, மயிரடியில் அடைப்பு இருக்காது. அது நிறமி, தேய்த்தால் போகாது, தேய்க்கவும் கூடாது. புள்ளி மேடாக எழும்பினாலோ, புண்ணானாலோ, சீக்கிரம் பெரிதானாலோ மட்டும் காட்டுங்கள்.

சாம்பல்வால், உங்கள் விவரம் முகப்பருவோடு நன்றாகப் பொருந்துகிறது. இருந்தாலும் ஒரு சின்னச் சோதனை செய்துவிடுங்கள். கொஞ்சம் கறுப்புப் பொடியை வெள்ளைக் காகிதத்தில் உதிர்த்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். அப்போது பிரச்சினையே வேறு. கரையாமல் அப்படியே கிடந்தால் அடைப்புதான்.

அந்தக் கறுப்பு வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு இல்லை, இதை முதலில் மனதில் வையுங்கள். பூனையின் மோவாயில் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகம். நாற்காலிக் காலிலும் கதவு ஓரத்திலும் மோவாயைத் தேய்த்துத் தன் வாசனையைப் பதிக்கிறதே, அந்தச் சுரப்பிகள்தான். சில பூனைகளுக்கு மயிர்க்காலின் உள்சுவரிலிருந்து உதிரும் செதில் வெளியே வராமல், அந்த எண்ணெயோடு சேர்ந்து உள்ளேயே அடைத்துக்கொள்கிறது. வாய் திறந்த அடைப்பு கறுப்பாகத் தெரியும். மூடிக்கொண்டு கிருமியும் சேர்ந்தால் சிவந்து சீழ் வைக்கும். ஏன் சில பூனைகளுக்கு மட்டும் இப்படி என்று யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. எந்த வயதிலும் வரும். சிலதுக்கு ஒரு தடவை வந்து போய்விடும், சிலதுக்கு ஆயுள் முழுக்க வந்து வந்து போகும்.

கிண்ணம் பற்றிய சண்டைக்கு அப்புறம் வருகிறேன். இப்போதைக்குப் பிதுக்காதீர்கள், நகத்தால் எடுக்காதீர்கள். உள்ளே இருப்பது மேலே வராமல் தோலுக்குள் உடைந்தால் அதுதான் பெரிய புண்ணாகும்.

சாம்பல்வால் | மார்ச் 3, இரவு 8:50

காகிதச் சோதனை செய்தேன். கரையவில்லை, தண்ணீர் நிறம் மாறவே இல்லை. பொடிக்குள் இரண்டு குட்டை மயிர்கள், அடிப்பக்கத்தில் கறுப்பான உறை சுற்றிக்கொண்டு. நீங்கள் சொன்ன அடைப்பு அப்படியே கண்ணெதிரே இருக்கிறது.

கதவு ஓரம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். சமையலறைக் கதவின் கீழ்விளிம்பில், சரியாக அவள் உயரத்தில், பழுப்பாக ஒரு பிசுக்குக் கோடு. தினமும் போகும்போதும் வரும்போதும் அங்கேதான் தேய்ப்பாள். அதையும் துடைத்து வைக்கட்டுமா?

பழைய கிண்ணத்தையும் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கக் கீறல், சோப்பு போட்டுக் கழுவிக் காயவைத்த பிறகும் விரலுக்கு வழவழப்பு. பீங்கான்கட்சி சொன்னதில் ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கடற்காகம் | மார்ச் 4, காலை 6:55

எனக்குப் பரு வந்தால் டீ ட்ரீ ஆயில்தான் வைப்பேன், மறுநாளே வற்றிவிடும். இயற்கையானதுதானே, ஒரு சொட்டு பஞ்சில் தொட்டு வைத்துப் பாருங்களேன். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் ஏதாவது ஆன்டிசெப்டிக் லோஷனைத் தண்ணீரில் கலந்து துடைக்கலாம்.

மருந்துப்பெட்டி | மார்ச் 4, காலை 7:10

வேண்டாம். இரண்டுமே வேண்டாம். யாரும் இதைப் படித்துச் செய்துவிடக் கூடாது என்பதால் உடனே எழுதுகிறேன்.

டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம். தோல் வழியாகவும் ஏறும், நக்கினாலும் ஏறும். எச்சில் வடிவது, தள்ளாட்டம், நடுக்கம், துவண்டுபோவது எல்லாம் வரும். ஏற்கெனவே யாராவது வைத்திருந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஆன்டிசெப்டிக் என்று பொதுவாகச் சொல்வதும் ஆபத்து. பாட்டிலின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஃபீனால் வகை எதுவாக இருந்தாலும் பூனைக்கு ஆகாது, அதன் கல்லீரலால் அதை நம்மைப்போல் கழிக்க முடியாது. குளோர்ஹெக்சிடினோடு செட்ரிமைடு கலந்த திரவங்களும் நிறைய வீடுகளில் இருக்கும். செட்ரிமைடு, பென்சால்கோனியம் வகை நாக்கில் பட்டால் பூனைக்கு நாக்கே புண்ணாகிச் சாப்பிட முடியாமல் போகும். மோவாயில் வைப்பது எதுவானாலும் கால்மணி நேரத்துக்குள் பாதத்துக்கும் அங்கிருந்து வாய்க்கும் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, பற்பசை, மனிதர்களின் பருக் களிம்பு, துத்தநாகம் கலந்த களிம்பு எதுவும் வேண்டாம்.

கடற்காகம் | மார்ச் 4, காலை 7:25

எனக்குத் தெரியாது. நல்லவேளை, எங்கள் வீட்டில் பூனை இல்லை, தங்கை வீட்டில்தான் இருக்கிறது. இப்போதே அவளுக்குச் சொல்லிவிடுகிறேன்.

சாம்பல்வால் | மார்ச் 4, இரவு 9:15

அப்போது எதைத்தான் வைத்துத் துடைப்பது? வெறும் வெந்நீர் போதுமா?

மருந்துப்பெட்டி | மார்ச் 5, பகல் 2:00

கரும்புள்ளி மட்டும் இருக்கிறது, சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, வலி இல்லை என்றால் ஒன்றுமே செய்யாமல் விடுவதும் சரியான வைத்தியம்தான். நிறைய மருத்துவர்கள் அதையே சொல்வார்கள். துடைக்கத்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் ஒத்தடம். சுத்தமான மெல்லிய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சுகமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. அதை மோவாயில் அழுத்தாமல் வைத்திருங்கள். 3 முதல் 5 நிமிடம் போதும், துணி ஆறினால் திரும்ப நனையுங்கள். உண்மையில் வேலை செய்வது இதுதான், எண்ணெய் இளகி அடைப்பு தளர்கிறது. பூனை அரைத் தூக்கத்தில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். பிடித்து அமுக்கிச் செய்தால் மறுநாள் துணியைக் கண்டதுமே ஓடிவிடும்.

அதற்குப் பிறகு குளோர்ஹெக்சிடின். பாட்டிலில் அது மட்டும்தான் இருக்க வேண்டும், சோப்பு கலந்த ஸ்க்ரப் வேண்டாம், ஸ்பிரிட் கலந்ததும் வேண்டாம். சாதாரணக் கரைசலாக வாங்குங்கள். 2 சதவீதம் என்று போட்டிருந்தால் 5 மில்லியை எடுத்து, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 195 மில்லியில் கலந்தால் 0.05 சதவீதம் வரும். 4 சதவீதமாக இருந்தால் பாதி, அதாவது 2.5 மில்லி எடுத்து மொத்தம் 200 மில்லியாக்குங்கள். அன்றன்றைக்குக் கலந்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். காஸ் துணியில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மயிர் படியும் திசையில் நாலைந்து முறை ஒற்றி எடுங்கள். எதிர்த்திசையில் தேய்க்காதீர்கள். பஞ்சு வேண்டாம், இழை மயிரில் சிக்கிக்கொள்ளும். கண்ணிலும் காதுக்குள்ளும் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, கண்ணின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும். கடைசியாக உலர்ந்த துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஈரமாகவே இருக்கும் மோவாய் இன்னும் மோசமாகும்.

முதல் வாரம் தினம் ஒரு தடவை, பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. தோல் வறண்டாலோ இளஞ்சிவப்பானாலோ நிறுத்திவிட்டு வெறும் ஒத்தடம் மட்டும் கொடுங்கள்.

கதவு ஓரத்தை வெந்நீரும் ஒரு துளி பாத்திரச் சோப்பும் போட்டுத் துடையுங்கள், நல்லதுதான். ஆனால் அவள் மறுபடியும் அங்கேதான் தேய்ப்பாள்.

பீங்கான்கட்சி | மார்ச் 5, மாலை 6:30

ஒத்தடம், கரைசல் எல்லாம் சரி, கிண்ணத்தை விட்டுவிட்டீர்களே. மருத்துவர்களே முதலில் அதைத்தான் மாற்றச் சொல்கிறார்கள்.

மருந்துப்பெட்டி | மார்ச் 5, இரவு 10:20

சொல்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம். மாற்றுவதில் நஷ்டம் எதுவும் இல்லை என்பதால்தான் சொல்கிறோம். பிளாஸ்டிக்கால்தான் வந்தது என்று காட்டிவிட்டதால் இல்லை. கீறலில் கிருமிப் படலம் தங்குவது உண்மை. சில பூனைகளுக்குப் பிளாஸ்டிக் பட்ட இடத்தில் ஒவ்வாமை வருவதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் பிளாஸ்டிக்கைத் தொட்டே பார்க்காத பூனைகளுக்கும் இது வருகிறது, ஆயுள் முழுக்கப் பிளாஸ்டிக்கில் சாப்பிட்டுவிட்டுப் பளிச்சென்ற மோவாயோடு இருக்கிற பூனைகளும் உண்டு. நேர்கோடு சொன்ன இரண்டு பூனைக் கணக்கு எனக்கு விநோதமாகப் படவில்லை. அடைத்துக்கொள்ளும் சுபாவம் ஒன்றுக்கு இருக்கிறது, மற்றதுக்கு இல்லை. கிண்ணம் அந்தச் சுபாவத்தைக் கிளறிவிடலாம், உண்டாக்குகிறது என்று சொல்ல மாட்டேன்.

மாற்றும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பீங்கானிலும் பூச்சில் மயிரிழை விரிசல் விட்டதும் விளிம்பு உடைந்ததும் பிளாஸ்டிக்கைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. எவர்சில்வரோ கண்ணாடியோ விரிசல் இல்லாத பீங்கானோ, எதுவானாலும் ஆழம் குறைந்ததாக, அகலமாக வாங்குங்கள், மோவாய் விளிம்பில் உரசாது. ஈர உணவு என்றால் ஒவ்வொரு வேளைக்கும் சூடான நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு பளபளக்கும், பக்கத்தில் தண்ணீர் வைத்த பிளாஸ்டிக் தொட்டியின் ஓரம் வழவழவென்று இருக்கும்.

நேர்கோடு | மார்ச் 6, காலை 8:00

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இன்னமும் பிளாஸ்டிக்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்றிவிட்டுப் பார்க்கிறேன். ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு குறைந்தாலும் தொட்டியால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்வது? தானாகவே வந்து வந்து போகும் நோய் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

பீங்கான்கட்சி | மார்ச் 6, காலை 8:40

குறைந்தால் சந்தோஷப்படுங்கள், காரணம் எதற்கு!

சாம்பல்வால் | மார்ச் 14, இரவு 9:30

இதுவரை நடந்ததை எழுதிவைக்கிறேன். இரண்டு கிண்ணங்களும் எவர்சில்வர் ஆகிவிட்டன. ஒத்தடத்துக்கு நேரம் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து சோபாவில் சுருண்ட பிறகு, என் இடது கையை அவள் கழுத்தடியில் கொடுத்து வலது கையால் துணியை வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு மோவாயை நீட்டுகிறாள். முகத்துக்கு நேரே துணியைக் கொண்டுபோனால் பின்வாங்குகிறாள், பக்கவாட்டிலிருந்து போனால் ஒத்துக்கொள்கிறாள்.

கரும்புள்ளி குறைந்ததா என்றால் ஓரங்களில் குறைந்திருக்கிறது, நடுவில் அப்படியேதான். கிண்ணம் மாறியதும் புள்ளி மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே அடைத்துக்கொண்டது அப்படியே உள்ளேதான் இருக்கிறது, அது தளர்ந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். புதிதாக வருகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அதனால் ஒரே இடத்தில், ஒரே விளக்கடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன். கண்ணை மட்டும் நம்பினால் ஒருநாள் குறைந்ததுபோலவும் மறுநாள் கூடியதுபோலவும் தெரிகிறது.

இன்னொரு விஷயம். உதட்டுக்குக் கீழே வலது பக்கம் தோல் கொஞ்சம் சிவந்த மாதிரி இருக்கிறது. குளோர்ஹெக்சிடினை நிறுத்திவிட்டேன், ஒத்தடம் மட்டும்.

மருந்துப்பெட்டி | மார்ச் 15, பகல் 1:15

நிறுத்தியது சரி. இரண்டு மூன்று நாளில் சிவப்பு தணிந்தால் கரைசலால் வந்த எரிச்சல். தணியாமல் தடித்தால், தொட்டால் முகத்தை இழுத்துக்கொண்டால், காத்திருக்காதீர்கள்.

சாம்பல்வால் | மார்ச் 18, இரவு 10:45

தணியவில்லை. சிவந்த இடத்தில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி எழும்பி, இன்று காலை அதன் உச்சியிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிந்து மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. மோவாயே கொஞ்சம் பெருத்துத் தெரிகிறது. கதவோரத்தில் தேய்ப்பதையும் விட்டுவிட்டாள், அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. நாளைக் காலை முதல் வேலையாக மருத்துவரிடம் போகிறோம்.

மருந்துப்பெட்டி | மார்ச் 18, இரவு 11:00

போகும்வரை எதுவும் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். கசிவிலிருந்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கும், துடைத்துவிட்டால் கிடைப்பது குறைந்துவிடும். கறுப்பு எப்போது தொடங்கியது, சிவப்பு எப்போது வந்தது, எதைப் போட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் எடுத்த படங்கள் இப்போது நன்றாக உதவும்.

சாம்பல்வால் | மார்ச் 19, மாலை 5:20

போய்வந்தோம். கட்டியைச் சுற்றி மயிரைக் கத்தரித்தார்கள், அப்போதுதான் எவ்வளவு புள்ளிகள் மறைந்திருந்தன என்று தெரிந்தது. கசிவைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உருண்டை வடிவ பாக்டீரியா நிறைய, அதை விழுங்கிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களும் நிறைய. பக்கத்துத் தோலை லேசாகச் சுரண்டியும் பார்த்தார்கள், டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சி இல்லை, ஈஸ்ட் பூஞ்சையும் இல்லை. படர்தாமரை இருக்குமோ என்பதற்காகக் கொஞ்சம் மயிரை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகுமாம்.

நான் கேட்காமலே மருத்துவர் இரண்டு விஷயம் சொன்னார். மோவாய் பெருத்திருந்தால் எல்லாம் பரு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வாமை சார்ந்த ஈசினோஃபில் வீக்கமும் மோவாயில் வரும், அதற்கு வைத்தியமே வேறு, சாயம் போட்டுப் பார்த்தது அதற்காகவும்தான் என்றார். அடுத்து வாயைத் திறந்து பல்லையும் ஈறையும் பார்த்தார். பல் கெட்டு எச்சில் வடிந்தால் மோவாய் எப்போதும் ஈரமாக இருக்கும், அப்போது எத்தனை கிண்ணம் மாற்றினாலும் பலன் இல்லை என்றார். சுந்தரிக்குப் பல் சுத்தம்.

அடைப்பு உள்ளே உடைந்து கிருமி ஆழத்தில் இறங்கிவிட்டதால் மேல்பூச்சு போதாது என்று கிளிண்டாமைசின் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு மாத்திரைக்குப் பிறகும் ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீரோ கொஞ்சம் ஈர உணவோ கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும் என்று அழுத்திச் சொன்னார். கட்டி ஆறும்வரை ஒத்தடம் மட்டும், தினம் இரண்டு வேளை, ஒற்றி உலர்த்துவது. கழுத்துக்குக் கூம்பு வேண்டாம், பின்காலால் சொறிந்தால் மட்டும் போடலாம் என்றார்.

பீங்கான்கட்சி | மார்ச் 19, இரவு 8:10

சுந்தரி சீக்கிரம் தேறட்டும். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் பூனைக்கு இந்த அளவுக்குப் போகவே இல்லை, அதனால் கிண்ணத்தோடு முடிந்துவிடும் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். முகப்பருவுக்கு மனிதர்கள் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பு நல்லது என்று படித்தேன், அது உதவாதா?

மருந்துப்பெட்டி | மார்ச் 20, காலை 9:00

அந்த மருந்து மயிர்க்காலைச் சுத்தம் செய்யும், உண்மை. நாய்களுக்கு நிறையப் பயன்படுத்துகிறோம். பூனைத் தோலுக்கு அது காரம். மனிதர்களுக்கு விற்கும் 5, 10 சதவீதக் களிம்பு பூனை மோவாயைச் சிவக்கவைத்து உரித்துவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் 2.5 சதவீதம் மாதிரி மென்மையானதைக் கொடுப்பார், அதுவும் சில பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. துணியில் பட்டால் நிறம் வெளுத்துவிடும், சோபா உறைக்கும் ஆபத்து. சுந்தரிக்கு இப்போது திறந்த புண் இருப்பதால் அந்தப் பேச்சே வேண்டாம்.

சாம்பல்வால், மேலே ஆறிப் பொருக்கு விழுந்ததும் மருந்தை நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். இவ்வளவு ஆழத்தில் இருப்பது அடங்கப் பல வாரம் ஆகும், மருத்துவர் தொட்டுப் பார்த்து உள்ளே கெட்டி இல்லை என்று சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும்.

சாம்பல்வால் | ஏப்ரல் 11, இரவு 9:05

கட்டி போய்விட்டது. அந்த இடத்தில் மயிர் இன்னும் முழுதாக முளைக்கவில்லை, தோல் இளஞ்சாம்பலாக வழவழப்பாக இருக்கிறது. விரலால் உருட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு கெட்டி மிச்சம், அது கரையும்வரை மாத்திரையைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். பூஞ்சை வளர்ப்பில் ஒன்றும் வளரவில்லை, படர்தாமரை இல்லை. கதவோரத்தில் மறுபடியும் தேய்க்கத் தொடங்கிவிட்டாள்!

இப்போது என் மனதில் ஓடுவது ஒன்றுதான். கிண்ணம் மாறிய பிறகும் கட்டி வந்தது. அப்படியென்றால் கிண்ணத்துக்குச் சம்பந்தமே இல்லையா, அல்லது மாற்றுவதற்கு முன்பே அடைத்திருந்த ஒன்றுதான் பிறகு உடைந்ததா? படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கட்டி வந்த இடத்தில் முதல் படத்திலேயே மூன்று புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏப்ரலில் எடுத்த படத்தில் இடது பக்கம் ஒரு புதுப் புள்ளி இருக்கிறது, எவர்சில்வர் கிண்ணத்தோடுதான் அது வந்திருக்கிறது.

நேர்கோடு | ஏப்ரல் 12, காலை 7:45

எங்கள் பக்கத்துச் செய்தி. தண்ணீர்த் தொட்டியைக் கண்ணாடிக்கு மாற்றிய பிறகு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. மாதிரிதான். அதே சமயத்தில் குளிர் போய் வெயில் வந்துவிட்டது, உணவும் ஈர உணவிலிருந்து உலர் உணவுக்கு மாறியது. மூன்றில் எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

பீங்கான்கட்சி | ஏப்ரல் 12, காலை 9:30

குறைந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டீர்களே, அது போதும் எனக்கு.

மருந்துப்பெட்டி | ஏப்ரல் 12, இரவு 10:10

ஒரு புதுப் புள்ளிக்காகக் கலங்க வேண்டாம். இந்தச் சுபாவமுள்ள பூனைக்குப் புள்ளி அவ்வப்போது வரும், கறுப்பு மட்டும் இருந்தால் அது அழகுப் பிரச்சினைதான், அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மருந்து முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு தடவை ஒத்தடம், மருத்துவர் சொன்னால் மட்டும் நீர்த்த குளோர்ஹெக்சிடின். அதற்கு மேல் துடைக்காதீர்கள். அளவுக்கு மீறித் துடைத்துத் தோலைப் புண்ணாக்கிக் கூட்டிவருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

மணிக்குட்டி | ஏப்ரல் 13, மாலை 4:50

முழு இழையையும் படித்தேன். எங்கள் குட்டிக்கு 5 மாதம். மோவாயில் கரும்புள்ளி இல்லை, ஆனால் வட்டமாக மயிர் கொட்டிச் செதில் செதிலாக இருக்கிறது. நேற்றிலிருந்து என் முழங்கையிலும் அரிக்கும் ஒரு வட்டம். கிண்ணத்தை மாற்றி ஒத்தடம் கொடுக்கட்டுமா?

மருந்துப்பெட்டி | ஏப்ரல் 13, மாலை 5:05

ஒத்தடம் வேண்டாம். குட்டி, வட்டமான சொட்டை, உங்கள் கையிலும் வட்டம் என்றால் முதலில் படர்தாமரையைத்தான் சந்தேகிக்க வேண்டும், அது பூனையிலிருந்து மனிதருக்குத் தொற்றும். குட்டியை நாளைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், உங்கள் கையைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் சிறு குழந்தைகளோ வேறு பூனைகளோ இருந்தால் அதுவரை குட்டியைத் தனி அறையில் வையுங்கள், தூக்கினால் கை கழுவுங்கள். படுக்கைத் துணியை உதறாமல் சுருட்டி எடுத்துத் துவையுங்கள்.